டூ-ஹவர் மீட்டிங்கில் ‘எஸ்’ எங்கே போனது?

கேள்வி: ஒரு மெயிலில் "எ டூ ஹவர்ஸ் மீட்டிங்" என்று எழுதியிருந்தேன். டீம் லீட் அதை "எ டூ-ஹவர் மீட்டிங்" என்று திருத்தினார். ஆனால் அவரே வேறொரு இடத்தில் "எ மீட்டிங் ஆஃப் டூ ஹவர்ஸ்" என்று எழுதுகிறார். இரண்டு மணி என்றால் பன்மைதானே? ஓர் இடத்தில் வருகிற ‘எஸ்’ இன்னோர் இடத்தில் ஏன் வருவதில்லை? எதை எப்போது எழுதுவது?

பதில்:

உங்கள் டீம் லீட் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எண்ணும் அளவுச்சொல்லும் சேர்ந்து ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக நின்றால், ஆங்கிலத்தில் அளவுச்சொல் ஒருமையில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஹைஃபன் வரும். அதே அளவு பெயருக்குப் பின்னாலோ வினைக்குப் பின்னாலோ வந்தால் வழக்கமான பன்மை. அதனால் "எ டூ-ஹவர் மீட்டிங்", "எ மீட்டிங் ஆஃப் டூ ஹவர்ஸ்", "தி மீட்டிங் லாஸ்டட் டூ ஹவர்ஸ்" மூன்றுமே சரி. "எ டூ ஹவர்ஸ் மீட்டிங்" தவறு, "தி மீட்டிங் லாஸ்டட் டூ ஹவர்" அதைவிடப் பெரிய தவறு.

விதி இவ்வளவுதான். ஆனால் இதை மனப்பாடம் செய்து எழுதுகிறவர்கள் நாலு வரி தாண்டுவதற்குள் வழுக்கி விழுவார்கள், ஏனென்றால் நிஜத்தில் வரும் வாக்கியங்கள் பாடப்புத்தக வாக்கியங்கள் மாதிரி இருப்பதில்லை. காரணம் தெரிந்தால் விழ மாட்டோம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

"எ டூ-ஹவர் மீட்டிங்" என்பதில் முதலில் வரும் அந்த "எ" யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ஹவருக்கு அல்ல, மீட்டிங்குக்கு. நடுவில் இருப்பதை விரலால் மறைத்தால் "எ மீட்டிங்" என்று மிச்சம் இருக்கும். ஆக, இந்தச் சொற்றொடரில் எண்ணப்படுகிற பொருள் மீட்டிங் மட்டும்தான், அது ஒன்று. "டூ-ஹவர்" அங்கே எதையும் எண்ணவில்லை, எந்த மாதிரி மீட்டிங் என்று வகை சொல்கிறது, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. ஆங்கிலத்தில் இப்படி அடையாக வரும் பெயர் பொதுவாகவே ஒருமையில்தான் இருக்கும்: பல்லெல்லாம் தேய்த்தாலும் அது "டூத்பிரஷ்"தான், "டீத்பிரஷ்" ஆகாது, ஆயிரம் ஜோடி செருப்பு விற்றாலும் "ஷூ ஷாப்"தான். டூ-ஹவர் என்பதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், கூடவே ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அவ்வளவே.

பன்மை வேண்டுமானால் அது தலைப் பெயருக்குப் போகும். இப்படி மூன்று மீட்டிங் இருந்தால் "த்ரீ டூ-ஹவர் மீட்டிங்ஸ்". மீட்டிங்கில் ‘எஸ்’ ஏறியது, ஹவர் அப்படியே இருக்கிறது. வயது சொல்லும்போதும் இதுதான்: "எ டென்-இயர்-ஓல்டு பாய்", "டூ டென்-இயர்-ஓல்டு பாய்ஸ்". பாய் என்ற சொல்லை விட்டுவிட்டு அந்த அடையையே பெயராக்கினால் ‘எஸ்’ கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும்: "டூ டென்-இயர்-ஓல்ட்ஸ்". அப்போதும் நடுவில் இருக்கும் இயருக்கு எதுவும் ஆகாது. ஆனால் வினைக்குப் பின்னால் போனால் "தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்டு", அங்கே வருடங்களை நிஜமாகவே எண்ணுகிறோம், ஹைஃபனும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த விஷயம் காதிலேயே இருக்கிறது. "ஆறு மாதக் குழந்தை" என்கிறோம், "ஆறு மாதங்கள் குழந்தை" என்று யாரும் சொல்வதில்லை. ஐந்தாண்டுத் திட்டம், பத்து மாடிக் கட்டடம், இரண்டு மணி நேரக் கூட்டம், எதிலும் ‘கள்’ இல்லை. அதோடு மாதம் என்பது மாத என்று தேய்ந்து, பின்னால் ஒரு வல்லின ஒற்றும் மிகுந்து, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ‘க்’, ‘த்’ எல்லாம் செய்கிற வேலையும் ஹைஃபன் செய்கிற வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்: இது தனியாக நிற்கும் அளவு இல்லை, அடுத்த சொல்லுக்கு அடை என்று காட்டுவது. செய்திகளில் "மூன்று நாட்கள் பயணமாக" என்று எழுதுவதைப் பார்க்கிறோம், ஆனாலும் "மூன்று நாள் பயணம்" என்பதுதான் காதுக்குச் சுகமாக இருக்கிறது. அப்படியிருக்க நாம் ஏன் "டூ ஹவர்ஸ் மீட்டிங்" என்று எழுதுகிறோம்? ஒன்றுக்கு மேல் போனால் ‘எஸ்’ போடு என்று சின்ன வயதில் மண்டையில் ஏற்றியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சொந்தக் காதை நம்பாமல் அந்த விதியை நம்புகிறோம்.

ஆனால் தமிழ்க் காது பாதி தூரம்தான் கூட வரும். தமிழில் எண் இருந்தால் பன்மை கட்டாயமில்லை, அஃறிணையில் "இரண்டு நாள் ஆச்சு", "மூணு கிலோமீட்டர் நடந்தேன்" எல்லாம் இயல்பு. ஆங்கில எழுத்தில் பெயருக்கு முன்னால் இல்லாத எல்லா இடத்திலும் பன்மை கட்டாயம். "ஐ வெயிட்டட் டூ ஹவர்" என்று எழுத முடியாது. ஆக முன்னால் வந்தால் தமிழ்க் காதை நம்பலாம், பின்னால் வந்தால் நம்பக் கூடாது.

இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மொழி வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் பழைய ஆங்கிலத்துக்குப் போகிறது, அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலம். அப்போது பெயர்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. எண்களுக்குப் பின்னால் அளவுச்சொல் பல நேரம் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வரும், "அறுபது அடிகளின்" என்கிற மாதிரி. அடிக்கு ஒருமை "ஃபோட்", சாதாரணப் பன்மை "ஃபேட்", அதிலிருந்துதான் இன்றைய ஃபீட் வந்தது. ஆனால் ஆறாம் வேற்றுமைப் பன்மை "ஃபோட்டா". காலப்போக்கில் கடைசியில் இருந்த அந்த ஆகாரம் தேய்ந்து உதிர்ந்தது, மிஞ்சியது ஃபுட். பார்ப்பதற்கு ஒருமை, பிறப்பால் பன்மை. "எ டென்-ஃபுட் வால்" என்பதில் நிற்கும் ஃபுட்டுக்கு இப்படி ஒரு பூர்வகதை இருக்கிறது. பேச்சில் "ஹீ இஸ் சிக்ஸ் ஃபுட் டால்" என்று இன்றும் சொல்கிறார்களே, அதைத் தவறு என்று திருத்தப் போகாதீர்கள், "சிக்ஸ் ஃபீட்" என்று எழுதுவது எழுத்து வழக்கு, மற்றது பேச்சில் தங்கிப்போன பழைய வழக்கு.

வேறு சில அளவுச்சொற்களுக்கு அந்தக் காலத்தில் பன்மை உருபே கிடையாது. வருடத்துக்கான சொல்லும் பவுண்டுக்கான சொல்லும் ஒருமையிலும் பன்மையிலும் ஒரே வடிவம்தான். இரவுக்கான சொல்லும் அப்படியே. பதினாலு இரவு என்ற தொடர் சுருங்கித்தான் இரண்டு வாரத்தைக் குறிக்கும் "ஃபோர்ட்நைட்" வந்தது, அதில் நைட்டுக்கு ‘எஸ்’ இல்லாததைக் கவனியுங்கள். பிற்காலத்தில் எல்லாச் சொல்லுக்கும் ‘எஸ்’ பன்மை பரவியபோது, பெயருக்கு முன்னால் இருந்த இடத்தில் மட்டும் பழைய ‘எஸ்’ இல்லாத உருவம் பிழைத்துக்கொண்டது. அப்புறம் அந்த அச்சிலேயே புதுச் சொற்களும் வார்க்கப்பட்டன. டாலர், கிலோமீட்டர், மெகாபிக்சல் எதுவும் பழைய ஆங்கிலத்தில் இல்லை, ஆனாலும் "எ ட்வென்டி-டாலர் பில்", "எ டென்-கிலோமீட்டர் ரன்" என்றுதான் வருகிறது.

சரி, ஹைஃபனுக்கு வருவோம். பலர் இதை அழகுக்குப் போடுகிற கோடு என்று நினைக்கிறார்கள். ஒரே ஒரு அளவு, ஒரே ஒரு பெயர் என்றால் விட்டுவிட்டாலும் புரியும் என்பது உண்மைதான். இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் வினை. ஒருவர் வேலை ஒதுக்கீடு பற்றி எழுதும்போது எங்கும் ஹைஃபன் இல்லாமல் "வீ நீட் ட்வென்டி ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்" என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இதை மூன்று விதமாகப் படிக்கலாம். "ட்வென்டி ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்" என்றால் நாலு மணி நேர ஷிஃப்ட் இருபது, மொத்தம் 80 மணி நேர வேலை. "ட்வென்டி-ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்" என்றால் ஒரு மணி நேர ஷிஃப்ட் இருபத்து நாலு, மொத்தம் 24 மணி நேரம். "ட்வென்டி-ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்" என்று எல்லாவற்றையும் கோத்துவிட்டால் ஒவ்வொரு ஷிஃப்டும் 24 மணி நேரம், எத்தனை ஷிஃப்ட் என்று சொல்லவே இல்லை. சொல் ஒன்றுகூட மாறவில்லை, கோடு நகர்ந்தது, ஆள் கணக்கு தலைகீழாகிவிட்டது.

இதில் ஒன்றைப் பாருங்கள்: முதல் வாசிப்பில் ஹைஃபன் ஃபோருக்கும் ஹவருக்கும் நடுவில் இருக்கிறது, அதாவது அளவுக்குள் இருக்கிறது, ட்வென்டி வெளியே நின்று ஷிஃப்டை எண்ணுகிறது. எது அளவின் எண், எது பொருளின் எண் என்று பிரித்துக் காட்டுவதுதான் இங்கே ஹைஃபனின் வேலை. ஆனாலும் படிக்கிறவர் கோட்டைக் கவனிக்காமல் போகலாம், அதனால் இந்த மாதிரி இடத்தில் நான் ஹைஃபனை மட்டும் நம்ப மாட்டேன். ஒரு எண்ணை இலக்கத்திலும் மற்றதை எழுத்திலும் போட்டுவிடுவேன்: "20 ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்". கவனமான எடிட்டர்களும் இதைத்தான் செய்வார்கள். லாங் என்ற சொல் சேரும்போதும் இதே குழி இருக்கிறது. "டூ ஹவர்-லாங் மீட்டிங்ஸ்" என்றால் ஒவ்வொன்றும் ஒரு மணி வீதம் இரண்டு மீட்டிங். "எ டூ-ஹவர்-லாங் மீட்டிங்" என்றால் ஒரே மீட்டிங், இரண்டு மணி. பின்னதில் லாங் தேவையே இல்லை, டூ-ஹவர் என்றாலே நீளம் வந்துவிட்டது.

அரை, கால் சேர்ந்தாலும் விதி மாறாது, சங்கிலி மட்டும் நீளும்: "எ டூ-அண்ட்-எ-ஹாஃப்-ஹவர் மீட்டிங்". பார்க்கக் கண்றாவியாக இருக்கிறது என்றால் "எ 2.5-ஹவர் மீட்டிங்" என்று போட்டுவிடலாம், அல்லது பேசாமல் "ஆஃப்" பக்கம் போய்விடலாம்.

அந்த "ஆஃப்" அமைப்பைப் பற்றி: "எ மீட்டிங் ஆஃப் டூ ஹவர்ஸ்" இலக்கணப்படி சரி, ஆனால் சாதாரண மெயிலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒரு எண், ஒரு அளவு என்று எளிமையாக இருந்தால் டூ-ஹவர் மீட்டிங்தான் எல்லோரும் சொல்வது. ஆனால் அளவு எளிமையாக இல்லாதபோது ஆஃப்தான் காப்பாற்றும். "இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கூட்டம்" என்று சொல்ல வேண்டும், அதை முன்னால் திணித்தால் "எ மோர்-தன்-டூ-ஹவர் மீட்டிங்" என்று மூச்சு முட்டும். "எ மீட்டிங் ஆஃப் மோர் தன் டூ ஹவர்ஸ்" என்று பின்னால் வைத்தால் ஒழுங்காகப் படிக்க வரும். இரண்டிலிருந்து மூன்று மணி நேரத் தாமதம் என்றால் "எ டிலே ஆஃப் டூ டு த்ரீ ஹவர்ஸ்". ஒப்பந்தங்களில் "எ பீரியட் ஆஃப் நாட் லெஸ் தன் தர்ட்டி டேஸ்" என்று நீட்டி எழுதுவதும் இதனால்தான், அந்த "நாட் லெஸ் தன்" முன்னால் ஏறாது.

தமிழ்க் காது ஏமாற்றும் இன்னோர் இடமும் இங்கேதான் இருக்கிறது. "சில நிமிட இடைவேளை", "பல மணி நேரத் தாமதம்" என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். அதை அப்படியே எடுத்து "எ ஃபியூ-மினிட் பிரேக்" என்று எழுதினால் ஆங்கிலத்தில் உறுத்தும். திட்டமான எண்ணுக்கு அந்த முன்னிடம் தாராளமாகத் திறந்திருக்கிறது, ஃபியூ, செவரல் மாதிரி எண்ணில்லாத அளவுக்கு அவ்வளவு எளிதாகத் திறக்காது. "எ பிரேக் ஆஃப் எ ஃபியூ மினிட்ஸ்" அல்லது "எ ஃபியூ மினிட்ஸ்' பிரேக்" என்றுதான் போக வேண்டும். செய்திகளில் "எ செவரல்-ஹவர் டிலே" கண்ணில் படலாம், படட்டும், நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆஃப் வருகிற எல்லா இடமும் ஒரே அர்த்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "எ மீட்டிங் ஆஃப் டூ ஹவர்ஸ்" என்பதைத் திருப்பிப் போட்டு "டூ ஹவர்ஸ் ஆஃப் மீட்டிங்ஸ்" என்றால் கதையே வேறு, அது மொத்த நேரம், அதற்குள் நாலு மீட்டிங்கூட இருந்திருக்கலாம். கொள்ளளவிலும் அப்படித்தான். "எ டென்-லிட்டர் கேன்" என்பது கேனின் அளவு, உள்ளே காலியாக இருந்தாலும் அது டென்-லிட்டர் கேன்தான். "டென் லிட்டர்ஸ் ஆஃப் வாட்டர்" என்பது தண்ணீர், அது எதில் இருக்கிறது என்பது வேறு பேச்சு. தமிழில் "பத்து லிட்டர் கேன்", "பத்து லிட்டர் தண்ணீர்" இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால் இதைக் கவனிக்காமல் "டென்-லிட்டர் வாட்டர்" என்று எழுதிவிடுகிறோம்.

இதுவரை சொன்னதில் பெயர் எண்ணக்கூடியதாக இருந்தது: மீட்டிங், கேன், ஷிஃப்ட். எண்ண முடியாத பெயர் வந்தால் மூன்றாவதாக ஒரு அமைப்பு உள்ளே வரும், பயோடேட்டா எழுதுகிற எல்லோரும் மாட்டிக்கொள்வது அதில்தான். அனுபவம் என்ற பொருளில் வரும் "எக்ஸ்பீரியன்ஸ்" எண்ண முடியாத பெயர், அதற்கு முன்னால் "எ" வராது. "எ" வராத இடத்தில் ஹைஃபன் போட்ட அடைக்கும் பெரும்பாலும் இடமில்லை. அதனால் "ஐ ஹேவ் எ ஃபைவ்-இயர் எக்ஸ்பீரியன்ஸ்" என்று எழுதினால், விதியைப் பின்பற்றிய மாதிரி இருந்தாலும் அர்த்தம் கெட்டுவிடும். ஐந்து வருடம் நீடித்த ஒரு சம்பவம் எனக்கு நேர்ந்தது என்கிற தொனி வந்துவிடும், ஏதோ பட்ட கஷ்டத்தைச் சொல்வது போல. எழுத வேண்டியது "ஃபைவ் இயர்ஸ்' எக்ஸ்பீரியன்ஸ்", அதாவது ‘எஸ்’ போட்டு அதற்குப் பின்னால் அபாஸ்ட்ரபி. இல்லையென்றால் "ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". அபாஸ்ட்ரபி எங்கே வைப்பது என்று குழப்பமாக இருந்தால் இரண்டாவதையே எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. அபாஸ்ட்ரபி இல்லாமல் "ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்று வேலை விளம்பரங்களிலேயே வருகிறது, கண்டுகொள்ளாமல் போகிறவர்களும் உண்டு, கவனமாக எழுதுகிறவர்கள் அதை விட மாட்டார்கள்.

இந்த அபாஸ்ட்ரபி அமைப்பு உடைமை உருபுதான், "ஐந்து வருடங்களின் அனுபவம்" என்பது போல. ஒரு வருடம் என்றால் "ஒன் இயர்'ஸ் எக்ஸ்பீரியன்ஸ்", அபாஸ்ட்ரபி ‘எஸ்’ஸுக்கு முன்னால் வந்துவிடும். வேலையை விடும்போது கொடுக்கிற நோட்டீஸும் இப்படித்தான்: "டூ வீக்ஸ்' நோட்டீஸ்", "எ மந்த்'ஸ் நோட்டீஸ்". காதில் கேட்கும்போது ஹவர்ஸ், ஹவர்'ஸ், ஹவர்ஸ்' மூன்றும் ஒரே ஒலி, அதனால் கேட்டுக் கேட்டு ஆங்கிலம் பழகியவர்கள் எழுதும்போது தடுமாறுவது இயல்பு. "டூ ஹவர்ஸ் மீட்டிங்" என்ற தவறான உருவத்துக்கு இதுவும் ஒரு ஊற்றாக இருக்கலாம்: "டூ வீக்ஸ்' நோட்டீஸ்" என்று காதில் விழுந்ததில் அபாஸ்ட்ரபி தெரியாது, ‘எஸ்’ மட்டும் நிற்கும்.

எனவே எந்த அமைப்பு என்று முடிவு செய்ய ஒரு சின்னச் சோதனை: அளவை எடுத்துவிட்டு, தலைப் பெயருக்கு முன்னால் "எ" வைத்துப் பாருங்கள். "எ மீட்டிங்" சரியாக இருக்கிறது, ஆகவே ஹைஃபன், ஒருமை. "எ எக்ஸ்பீரியன்ஸ்" என்றோ "ஆன் எக்ஸ்பீரியன்ஸ்" என்றோ அந்த அர்த்தத்தில் வராது, ஆகவே அபாஸ்ட்ரபி அல்லது ஆஃப். சில பெயர்கள் இரண்டு பக்கமும் போகும். "எ ஃபைவ்-மினிட் வாக்" என்றும் சொல்லலாம், "ஃபைவ் மினிட்ஸ்' வாக்" என்றும் சொல்லலாம். இரண்டையும் கலந்து "எ ஃபைவ் மினிட்ஸ்' வாக்" என்பது பழைய புத்தகங்களில் கிடைக்கும், இப்போது எழுதினால் தவறு என்று நினைப்பார்கள். விடுமுறை விஷயத்தில் நுணுக்கமாக ஒரு வித்தியாசம்கூட இருக்கிறது: "எ த்ரீ-வீக் ஹாலிடே" என்றால் ஒரே மூச்சில் எடுத்த மூன்று வார விடுமுறை, "த்ரீ வீக்ஸ்' ஹாலிடே" என்றால் மொத்தம் மூன்று வாரம் விடுப்பு உண்டு, அதைப் பிய்த்துப் பிய்த்தும் எடுக்கலாம். ஹைஃபன் போட்டால் ஒரு துண்டு, அபாஸ்ட்ரபி போட்டால் ஒரு அளவு.

வரலாற்றுப் பெயர்களில் இரண்டு அமைப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. 1967இல் நடந்தது "சிக்ஸ்-டே வார்", ஆனால் 1756 முதல் 1763 வரை நடந்தது "செவன் இயர்ஸ்' வார்". 1337இல் தொடங்கி 1453 வரை இழுத்த, கணக்குப் பார்த்தால் நூறைத் தாண்டிவிட்ட, இங்கிலாந்து - பிரான்ஸ் சண்டைக்கும் "ஹண்ட்ரட் இயர்ஸ்' வார்" என்றுதான் பெயர். தமிழில் ஆறு நாள் போர், ஏழாண்டுப் போர், நூறாண்டுப் போர் என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிவிட்டோம். ஆங்கிலத்தில் இவை நிலைத்துப்போன பெயர்கள், விதி பார்த்து மாற்றக் கூடாது, அப்படியே எழுத வேண்டியதுதான்.

அப்புறம் விலக்குகள். பெயருக்கு முன்னாலும் ‘எஸ்’ விடாப்பிடியாக நிற்கும் இடங்கள் சில உண்டு. சட்டமன்றம், நாடாளுமன்றம் பற்றிப் பேசும்போது வரும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை "எ டூ-தேர்ட்ஸ் மெஜாரிட்டி"தான், "டூ-தேர்ட் மெஜாரிட்டி" என்று திருத்தி எழுதுகிறவர்கள் விதியைத் தெரிந்துகொண்டு கொஞ்சம் தாண்டிப் போய்விட்டவர்கள். இங்கே தேர்ட்ஸ் என்பது மணி, அடி மாதிரி அலகு இல்லை, டூ-தேர்ட்ஸ் என்று முழுதுமாக ஒரு பின்னத்தின் பெயர், அதைப் பிரித்து ஒருமையாக்க வழியில்லை. பிரிட்டனில் வேலை நேரத்துக்கு உத்தரவாதம் தராத ஒப்பந்தத்தை "ஜீரோ-ஹவர்ஸ் கான்ட்ராக்ட்" என்கிறார்கள், அதுவும் ‘எஸ்’ஸோடுதான் நிலைத்திருக்கிறது.

எனக்குப் பிடித்த விலக்கு இன்னொன்று: "ஆன் ஹவர்ஸ்-லாங் மீட்டிங்". எண்ணே இல்லை, ஆனால் ‘எஸ்’ இருக்கிறது. "எ மந்த்ஸ்-லாங் ஸ்ட்ரைக்", "எ வீக்ஸ்-லாங் டிலே" எல்லாம் இந்த வகை. ஏன் என்று யோசித்தால் நியாயம் புரியும். டூ-ஹவர் என்பதில் எத்தனை என்பதை டூ சொல்லிவிடுகிறது, ‘எஸ்’ போனாலும் நஷ்டமில்லை. இங்கே எண் இல்லை, ‘எஸ்’ஸையும் எடுத்துவிட்டால் "ஆன் ஹவர்-லாங் மீட்டிங்" ஆகிவிடும், அது சரியாக ஒரே ஒரு மணி நேரம். மணிக்கணக்காக இழுத்தது என்ற செய்தியைச் சுமப்பது அந்த ஒற்றை எழுத்துதான், அதனால் அது போகாமல் நிற்கிறது.

"எ"யா "ஆன்"ஆ என்பதிலும் ஒரு கண் வையுங்கள். அந்தச் சொல் மீட்டிங்குக்குச் சொந்தம் என்றேன், ஆனால் அதன் உருவத்தை முடிவு செய்வது பக்கத்தில் உடனே வரும் ஒலி. "எ மீட்டிங்" என்றிருந்தாலும் "ஆன் எய்ட்-ஹவர் மீட்டிங்", "ஆன் 18-மந்த் கோர்ஸ்". ஒன் என்பது ‘வ’ ஒலியில் தொடங்குவதால் "எ ஒன்-ஹவர் மீட்டிங்", ஹவர் உயிரொலியில் தொடங்குவதால் "ஆன் ஹவர்-லாங் மீட்டிங்". இலக்கத்தில் எழுதினாலும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

கடைசியாக, அலகைச் சொல்லாக எழுதாமல் குறியீடாக எழுதினால் வேறு சட்டம். சர்வதேச அலகு முறையின் கையேட்டுப்படி எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வரும், அது அடையாக முன்னால் நின்றாலும் அந்த இடைவெளியே போதும், ஹைஃபன் வேண்டாம். அதாவது 5 kg பை, 10 km ஓட்டம் என்று எழுதும்போது கோடு இல்லை, அதையே ஃபைவ்-கிலோகிராம், டென்-கிலோமீட்டர் என்று சொல்லாக விரித்தால் கோடு வந்துவிடும். குறியீட்டுக்குப் பன்மையும் கிடையாது, முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் kg என்பது kgதான், kgs என்று எழுதுவது எந்த இடத்திலும் சரியில்லை.